இரண்டாம் நிமிடத்தில் மூடிய வால்வு

சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் மாலை நேர டியூஷனுக்கு வருபவர்களில் பலர், பகலில் செம்பனை எண்ணெய் ஆலைகளில் வேலை பார்த்துக்கொண்டே டிப்ளோமா படிப்பவர்கள். லாப்லாஸ் அட்டவணையை அவர்கள் மனப்பாடமாகவே வைத்திருப்பார்கள். உள்ளீடு நடுவழியில் மாறும் கணக்குகளில்தான் தடுமாறுவார்கள். அதனால் அவர்கள் அன்றாடம் கையாளும் நீராவி வால்வையே கணக்காக்கினேன்.

வால்வை இரண்டு நிமிடம் சீராகத் திறந்துகொண்டே போய், பிறகு சட்டென்று முழுவதும் மூடுகிறோம். அதாவது f(t) முதல் இரண்டு நிமிடம் t, அதன்பின் 0. தொட்டி சூடாக ஒரு தாமதம், வெப்பமானி அதை உணர இன்னொரு தாமதம் என்று கொண்டு எண்களை எளிமையாக்கினால், வெப்பமானி காட்டும் ஏற்றம் y பின்வரும் சமன்பாட்டுக்கு உட்படும்:

y'' + 3y' + 2y = f(t), y(0) = y'(0) = 0

படிச் சார்பைக் கொண்டு f(t) = t − t·u(t−2) என எழுதுவது வரை எல்லாரும் சரியாக வந்துவிடுவார்கள். அடுத்த வரியில், t-க்கு 1/s² என்பதால் t·u(t−2)-க்கு e^(−2s)/s² என்று பலர் போட்டுவிடுவார்கள். நகர்த்தல் விதியோ g(t−2)·u(t−2) என்ற வடிவத்துக்கு மட்டுமே பொருந்தும்; ஆகவே t என்பதை முதலில் (t−2) + 2 என்று பிரித்தாக வேண்டும்.

F(s) = 1/s² − e^(−2s)(1/s² + 2/s)

அந்த 2/s விடுபட்டால் வால்வு மூடவே இல்லை என்று பொருள். இரண்டாம் நிமிடத்தில் எட்டிய திறப்பிலேயே அது நின்றுவிடுகிறது. இப்படிச் சொன்னதும் ஆலையில் வேலை செய்பவர்கள் சிரித்துவிடுவார்கள்.

அடுத்து (s+1)(s+2) ஆல் வகுத்து, e^(−2s) ஐத் தொடாமல், இரு பகுதிகளையும் தனித்தனியே பகுதிப் பின்னங்களாக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் 1/s², 2/s இரண்டையும் (1+2s)/s² என்று சேர்த்துக்கொள்வதையே நான் விரும்புவேன். ஒரே பிரிப்பில் வேலை முடிந்துவிடும்.

1/[s²(s+1)(s+2)] → g(t) = −3/4 + t/2 + e^(−t) − (1/4)e^(−2t)

(1+2s)/[s²(s+1)(s+2)] → k(t) = 1/4 + t/2 − e^(−t) + (3/4)e^(−2t)

y(t) = g(t) − k(t−2)·u(t−2)

k-இல் உள்ள ஒவ்வொரு t-யும் (t−2) ஆக வேண்டும். அடுக்குகளில் மட்டும் மாற்றிவிட்டு t/2 ஐ அப்படியே விட்டுவிடுவோரும் உண்டு.

விடை சரிதானா என்று பார்க்க t > 2 பகுதியை விரித்து எழுதச் சொல்வேன். மாறிலிகளும் t உறுப்புகளும் −3/4 + t/2 − 1/4 − (t−2)/2 = 0 என்று முற்றிலும் அடிபட்டு, தேயும் அடுக்குகள் மட்டுமே எஞ்ச வேண்டும்; ஏனெனில் நீராவி நின்றபின் ஏற்றம் பூச்சியத்தை நோக்கியே இறங்கும். 2/s ஐ விட்டவர்களின் விடை g(t) − g(t−2) ஆகி, நேரம் செல்லச் செல்ல 1-இல் போய் நிற்கும். மேலும் k(0), k'(0) இரண்டும் பூச்சியமாக இருந்தால், வால்வு மூடும் கணத்தில் y-யும் அதன் சரிவும் துள்ளவில்லை என்பது உறுதியாகிவிடும். y'' மட்டும், f எவ்வளவு விழுந்ததோ அதே அளவுக்கு, 2 குறையும்.