ஐந்தாம் நொடியில் விழுந்தது திருச்சிற்றம்பலம் அல்ல

தேவாரப் பதிகங்களை வெளியிடும் எங்கள் அறக்கட்டளையின் யூடியூப் சேனலை ஒரு விளம்பர நிறுவனம் கவனித்து வந்தது. மாதந்தோறும் அவர்கள் அனுப்பிய அறிக்கையில் பார்வைகளின் எண்ணிக்கையும் பார்வை நேரமும் மட்டும் இருக்கும். கடைசியாக வந்த அறிக்கையில், காணொளியின் எந்த நொடியில் எத்தனை பேர் மீதமிருக்கிறார்கள் என்று காட்டும் ஒரு வரைபடத்தையும் சேர்த்து, ஒரு பரிந்துரையை எழுதியிருந்தார்கள்: "ஐந்தாம் நொடியிலேயே பெரும்பாலோர் விலகிவிடுகிறார்கள். ஓதுவார் தொடக்கத்தில் சொல்லும் திருச்சிற்றம்பலத்தை வெட்டிவிடுங்கள். முடிந்தால் ஓதுவாரின் முகத்தையும் தவிர்த்துவிட்டு, சுவாமி படத்தைப் போடுங்கள்."

இதை ஓதுவார் ஐயாவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. "தம்பி, திருச்சிற்றம்பலம் சொல்லாமல் பதிகம் எடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை. அது வேண்டாம் என்றால் நான் பாடவில்லை" என்று மட்டும் சொன்னார். அந்த வரைபடத்தை நானே ஒருமுறை பார்த்துவிடுவது என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

பார்ப்பதற்கே பெரும் பாடாகிவிட்டது. சேனலைத் தொடங்கியது அந்த நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்கில். எங்களுக்குப் பார்வையாளர் அனுமதி தரும்படி கேட்டால், "அறிக்கை வருகிறதே, அது போதாதா?" என்றார்கள். நேரில் போனால், பொறுப்பாளர் வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். பொருளாளர் அறக்கட்டளையின் முத்திரையோடு கடிதம் எழுதிக் கொடுத்த பிறகுதான் உரிமையாளர் பொறுப்பு எங்கள் கணக்குக்கு மாறியது. கோயிலுக்கோ மடத்துக்கோ சேனல் நடத்துபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: உரிமையாளர் கணக்கு யாருடையது? அது உங்கள் கையில் இல்லையென்றால், உங்கள் காணொளிகளைப் பற்றி மற்றவர் சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை.

உள்ளே போனதும் கண்ணில் பட்ட முதல் விஷயம், எந்தக் காணொளியைத் திறந்தாலும் அதே சரிவு. ஓதுவார் பாடியது, சுவாமி படம் மட்டும் ஓடியது, தலபுராணம் சொன்னது என மூன்றும் வெவ்வேறு வகை. மூன்றுக்கும் தொடக்கம் வேறு. ஆனாலும் எல்லாமே ஐந்தாம் நொடியை ஒட்டி ஒரே மாதிரி செங்குத்தாக இறங்கின. உள்ளடக்கம் பிடிக்காமல் விலகுபவர்கள் இப்படி ஒரே நொடியில் சேர்ந்து எழுந்து போவதில்லை. ஒருவர் இரண்டாம் நொடியில் போவார், இன்னொருவர் எட்டாம் நொடியில் போவார். வரைபடம் சரிவாக இறங்குமே தவிர, படிக்கட்டு போல விழாது.

காரணம் விளம்பரம். அந்த நிறுவனம் பார்வைகளைக் கூட்டுவதற்காக எங்கள் காணொளிகளைப் பணம் கட்டி விளம்பரமாக ஓடவிட்டிருந்தது. வேறு ஏதோ ஒரு காணொளியைப் பார்க்க வந்தவருக்கு முன்னால் எங்கள் பதிகம் ஓடும். ஐந்து நொடி கழித்து, தவிர்ப்பதற்கான பொத்தான் வரும். வந்ததும் அழுத்திவிடுவார்கள். அப்படி விலகியவர்களும் அதே வரைபடத்தில் கலந்திருந்தார்கள். ஓதுவார் ஐயாவின் குரல் மீது சுமத்தப்பட்ட பழி உண்மையில் அந்தப் பொத்தானுடையது. அதை எழுதிய அறிக்கைக்கு எங்கள் உண்டியல் பணம் போயிருக்கிறது என்பதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

இதைப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர் தக்கவைப்பு வரைபடத்தை இயல்பாக வந்தவர்கள், விளம்பரம் வழியாக வந்தவர்கள் என்று தனித்தனியாகக் காட்டச் சொல்லலாம். எண்களாகவே வேண்டுமென்றால், தரவை நேரடியாகக் கேட்டு வாங்க உதவும் யூடியூப் அனலிட்டிக்ஸ் ஏபிஐயில் ஒவ்வொரு காணொளியாகக் கேட்டு வாங்கலாம். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. அதன் ஆவணப் பக்கத்திலேயே கேள்வியை நிரப்பி, உரிமையாளர் கணக்கால் அனுமதி கொடுத்தால் பதில் வந்துவிடும். தொடக்கத் தேதி, முடிவுத் தேதி தவிர நான் கொடுத்தது இவ்வளவுதான்:

```
ids=channel==MINE
dimensions=elapsedVideoTimeRatio
metrics=audienceWatchRatio
filters=video==VIDEO_ID;audienceType==ORGANIC
```

`VIDEO_ID` என்ற இடத்தில் அந்தந்தக் காணொளியின் அடையாளக் குறியைப் போட வேண்டும். `ORGANIC` என்ற சொல்தான் விளம்பரக் கூட்டத்தை வெளியே நிறுத்துகிறது. அதைப் போட்டுப் பார்த்ததும் அந்தப் படிக்கட்டு மறைந்தது. சரிவு இருந்தது, ஆனால் அது காணொளிக்குக் காணொளி மாறியது. அப்போதுதான் படிப்பதற்கு ஏதோ கிடைத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த முறையில் காணொளி எவ்வளவு நீளமானாலும் நூறு துண்டுகளாகத்தான் பிரிக்கப்படுகிறது. இரண்டு நிமிடக் காணொளியில் ஒரு துண்டு 1.2 நொடி; ஐந்து நொடிக்குள் நான்கு புள்ளிகள் கிடைக்கும். பதினைந்து நிமிடம் ஓடும் முழுப் பதிகத்தில் ஒரு துண்டே 9 நொடி. முதல் ஐந்து நொடியில் என்ன நடந்தது என்பதை அதில் தேடுவது வீண் வேலை. ஸ்டூடியோ அறிமுகப் பகுதிக்கென்று காட்டும் சதவீதமும் முப்பதாம் நொடியில் எத்தனை பேர் மீதமிருக்கிறார்கள் என்பதுதான். ஆகவே ஐந்து நொடிக் கேள்விக்கு விடை வேண்டுமானால் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் காணொளியில்தான் சோதிக்க வேண்டும்.

சோதனைக்குத் திருஞானசம்பந்தரின் முதல் பதிகத்தை, 'தோடுடைய செவியன்' என்று தொடங்குவதை எடுத்துக்கொண்டோம். பதினொரு பாடல்கள், எல்லாம் ஒரே பண், நட்டபாடை. பாடுபவரும் ஒருவரே, மெட்டும் ஒன்றே, நீளமும் ஏறத்தாழ ஒன்றே. காட்டும் விதத்தை மட்டும் மாற்றி ஒப்பிட இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. முதல் பாடலை ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த பாடல். காட்சி எப்படி இருந்தாலும் நின்று கேட்பார்கள். எட்டாவதில் இராவணன், ஒன்பதாவதில் அயனும் மாலும், பத்தாவதில் புறச்சமயத்தார், கடைசியில் திருக்கடைக்காப்பு என்று பொருள் மாறிவிடுவதால் அவற்றையும் விட்டோம். இரண்டு முதல் ஏழு வரை ஆறு பாடல்கள். இரண்டு சுவாமி படத்தோடு, இரண்டு சுவாமி வீதியுலாக் காட்சியோடு, இரண்டு ஓதுவார் ஐயா எதிரே அமர்ந்து பாடுவதாக. கருவறையைப் படமெடுப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை, அதனால்தான் வீதியுலா. ஆறிலும் திருச்சிற்றம்பலம் முழுதாக இருந்தது.

பிரதோஷத்தன்றும் அதற்கு முந்தைய நாளும் எதையும் வெளியிடவில்லை. அந்த நாள்களில் சிவன் பாடல்களைத் தேடி வருபவர்கள் நிற்பதற்காகவே வருகிறார்கள். சாதாரண நாளில் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே வருபவர்களோடு அவர்களை ஒப்பிட்டால் கணக்கு கெட்டுவிடும். ஓரிரு நாள் கழித்துத்தான் வரைபடம் முழுதாகத் தெரியும் என்பதால் வெளியிட்ட அன்றே திறந்து பார்த்துப் பதறவும் வேண்டாம். யூடியூப் ஷார்ட்ஸ் காணொளிகளில் 2025 மார்ச் 31 முதல் காணொளி ஓடத் தொடங்கினாலே பார்வையாக எண்ணப்படுகிறது. எனவே பழைய காணொளிகளோடு ஒப்பிடும்போது, பழைய முறையில் எண்ணும் `Engaged views` என்ற எண்ணையே எடுத்துக்கொண்டேன். ஒரே பாடல் திரும்பத் திரும்ப ஓடுவதால் சில இடங்களில் தக்கவைப்பு நூறு சதவீதத்தைத் தாண்டும், அது பிழையல்ல.

முடிவுகள் எதிர்பார்த்தபடி வரவில்லை. அசையாத சுவாமி படம் முதலிலேயே அதிகம் பேரை இழந்தது. நிறுவனம் பரிந்துரைத்தது இதைத்தான். வீதியுலாக் காட்சி ஐந்தாம் நொடியில் மற்ற இரண்டையும்விட நன்றாக நின்றது. தீவட்டியும் நாகசுரமும் அசைந்து வரும்போது யாருக்கும் விரல் நகரவில்லை. ஆனால் பதினைந்தாம் நொடிக்குள் அதுவும் வேகமாக இறங்கியது. ஊர்வலத்தைப் பார்க்க நின்றவர்கள், பார்த்ததும் போய்விட்டார்கள். ஓதுவார் ஐயாவின் முகம் முதல் மூன்று நொடியில் இழந்தது உண்மை. அதன் பிறகு கோடு ஏறத்தாழ படுத்துவிட்டது. நின்றவர்கள் பாடல் முடியும்வரை இருந்தார்கள்.

திருச்சிற்றம்பலம் ஒலிக்கும் இடத்தைத் தனியாகப் பார்த்தேன். அங்கே எந்தச் சரிவும் இல்லை. இழப்பு அதற்கு முன்பே முடிந்திருந்தது: சுழன்று வரும் சேனல் முத்திரை, அதன் மேல் 'இப்பதிகம் உபயம்' என்று உபயதாரர் பெயர். ஒலியே இல்லாத நொடிகள். ஓதுவார் வாய் திறப்பதற்குள் பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள்.

ஏழாம் பாடலை மறுபடி வெட்டினோம். முத்திரை கிடையாது. முதல் சட்டகத்திலேயே ஐயாவின் முகம், கீழே பாடலின் முதல் அடி பெரிய எழுத்தில், உடனே திருச்சிற்றம்பலம். ஐந்தாம் நொடியில் அது வீதியுலாவோடு சமமாக நின்றது. இறுதிவரை அதைத் தாண்டிச் சென்றது. எழுத்து இருந்ததால் ஒலியை அணைத்து வைத்திருப்பவர்களும் நின்றிருக்க வேண்டும் என்பது என் ஊகம். இருநூறு பார்வை கொண்ட இரு காணொளிகளுக்கு நடுவே ஐந்து சதவீத வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. அதை வெற்றியாகவோ தோல்வியாகவோ எண்ணாதீர்கள். எங்களுக்குக் கிடைத்த வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு பெரியது, இரண்டாம் பாடலை அதே முறையில் வெட்டியபோதும் திரும்ப வந்தது. அதனால்தான் நம்பினேன்.

தொலைக்காட்சியில் பார்ப்பவர்களை இதில் கலக்கக் கூடாது. காலையில் முழுப் பதிகத்தையும் ஓடவிட்டுச் சமையலைக் கவனிக்கப் போகிறவர்கள் அவர்கள். கருவி வாரியான அறிக்கையில் அவர்களுடைய சராசரிப் பார்வை நேரம் கைப்பேசிக்காரர்களைவிட எவ்வளவோ அதிகம். அவர்களுக்கான நீண்ட காணொளியில் அசையாத சுவாமி படமே போதும். அதை நாங்கள் மாற்றவில்லை.

மிச்சமிருந்த சிக்கல் உபயதாரர் பெயர். "பெயரை முதலில் போடுவதாகச் சொல்லித்தானே வாங்கினோம்" என்று பொருளாளர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு வரைபடங்களையும் அச்சிட்டு அவரையும் அழைத்துக்கொண்டு ஓர் உபயதாரர் வீட்டுக்கே போனேன். "உங்கள் பெயர் வரும்போது ஆட்கள் போய்விடுகிறார்கள் அம்மா. ஐயா பாடும்போது இருக்கிறார்கள்" என்று அந்த அம்மாளிடம் கோட்டைக் காட்டினேன். அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "அப்படியானால் பாடும்போதே கீழே சின்னதாகப் போடுங்கள். பாட்டைக் கேட்கத்தானே கொடுத்தேன்" என்றார். இப்போது எல்லா உபயதாரர் பெயர்களும் கடைசி அடியின் கீழே வருகின்றன. நட்டபாடையில் அடுத்த பதிகத்துக்கான ஒளிப்பதிவுக்கு ஓதுவார் ஐயா நாள் சொல்லியிருக்கிறார்.