கட்டம், கோடு, பூ: ஒரு குர்த்தி படத்துல மூணையும் ஏத்தின அனுபவம்

ஒரு பொட்டிக்குக்காக குர்த்தி டிசைன் ஸ்கெட்ச் வரைஞ்சு குடுத்தேன், ஒரே டிசைன்தான் ஆனா மூணு துணி. ஒண்ணு கட்டம் போட்ட காட்டன், ஒண்ணு நேர்க் கோடு, ஒண்ணு பூ பிரிண்ட். முட்டி வரைக்கும் நீளம், முன்னாடி யோக், யோக்குக்குக் கீழ சுருக்கு, முக்கால் கை. போட்டோஷாப்புல பேட்டர்ன நிரப்புறது ரெண்டு நிமிஷ வேலைதான், ஆனா அப்படி நிரப்பினா உடம்பு மேல துணி இருக்கிற மாதிரி தெரியாது, பொம்மை வடிவத்துல வெட்டின கிஃப்ட் பேப்பர் மாதிரி தட்டையா நிக்கும். அதை எப்படி சரியா கொண்டு வந்தேன்னு எழுதுறேன், குர்த்தி, சுடிதார், ஃப்ராக்னு வரையிற எல்லாருக்கும் இது வரும்.

முதல்ல அளவு. ஏ4 பேப்பர், 300 dpi, அதாவது 2480 × 3508 பிக்சல். ஃபேஷன் ஸ்கெட்ச்ல உருவத்த 9 தலை உயரத்துக்கு வரையிறோம் இல்லையா, நிஜ மனுஷங்க ஏழு, ஏழரை தலைதான். கூடுதல் உயரம் பெரும்பாலும் கால்லதான் போகுது, தோளு, மார்பு எல்லாம் அவ்வளவா மாறாது. அதனால மொத்த உயரத்த வச்சு ஸ்கேல் கணக்கு போட்டா தப்பா வரும். என் படத்துல உருவம் 3060 பிக்சல் உயரம், அதை 160 செ.மீ. பொண்ணுன்னு வச்சா ஒரு செ.மீ.க்கு 19 பிக்சல். ஆனா தோள் அகலம் 570 பிக்சல், நிஜத்துல 38 செ.மீ.ன்னு எடுத்தா ஒரு செ.மீ.க்கு 15 பிக்சல்தான். தலைய வச்சு பாத்தாலும் 340 பிக்சல், 22 செ.மீ., கிட்டத்தட்ட அதே 15தான் வருது. நான் எப்பவும் தோளு கணக்குதான் எடுப்பேன், ஏன்னா பாக்குறவங்க கண்ணு முகத்தையும் மார்பையும் வச்சுதான் பூ பெருசா சின்னதான்னு முடிவு பண்ணும்.

துணியில ஒரு கட்டம் முழுசா சுத்தி மறுபடி ஆரம்பிக்க 3 செ.மீ. அப்ப படத்துல 45 பிக்சல். உயரக் கணக்குல போயிருந்தா 57 ஆயிருக்கும். வித்தியாசம் சின்னதா தெரியும், ஆனா தோளுக்குத் தோளு எண்ணிப் பாருங்க, 45ல வச்சா 12, 13 கட்டம் வரும், 57ல வச்சா 10தான் வரும். இதுதான் நான் வச்சிருக்கிற டெஸ்ட்: துணிய நிஜமா தோள்ல போட்டு எத்தன கட்டம் வருதுன்னு எண்ணிக்கணும், படத்துலயும் அதே எண்ணிக்கை வரணும். கீழ குர்த்தி நீளத்துல ரெண்டு மூணு வரிசை கூட வரும், உருவத்த இழுத்து வரைஞ்சதால, அது பரவாயில்ல, கண்ணுக்கு உறுத்தாது.

துணிய ஸ்கேனர்ல போட்டு எடுத்தேன், போட்டோ எடுத்தா ஓரத்துல வளைஞ்சு வரும். ஒரு பாவு நூலோட நடுவுல இருந்து அடுத்த தடவை அதே நூல் வர்ற இடத்தோட நடு வரைக்கும் செலக்ட் பண்ணி வெட்டணும், ஊடைக்கும் அதே மாதிரி. அதை 90 பிக்சலா சின்னதாக்கி Edit > Define Pattern. அப்புறம் Layer > New Fill Layer > Pattern போய் Scale 50 வச்சா 45 பிக்சல் வந்துரும், பின்னாடி அளவு மாத்தணும்னாலும் அந்த ஸ்லைடர் அங்கயே இருக்கும்.

இனிதான் முக்கியமான வேலை. மொத்த குர்த்திக்கும் ஒரே பேட்டர்ன் லேயர் போடவே கூடாது. எங்க டைலர் அண்ணன் ஸ்கெட்ச்ச பாத்துட்டு ஒண்ணு சொன்னாரு, "பாப்பா, நான் எத்தன பீஸா வெட்டுறேனோ அத்தன பீஸா நீயும் போடு, ஒவ்வொரு பீஸுக்கும் நூல் எந்தப் பக்கம் ஓடுதுன்னு அம்புக்குறி போட்டுக்கோ"ன்னாரு. அதையே வச்சு யோக், கீழ் பாகம், ரெண்டு கை, காலர் பட்டி எல்லாம் தனித்தனி லேயர், தனித்தனி மாஸ்க். யோக்க கிராஸ்ல வெட்டப் போறாங்க, அதனால அந்த லேயர மட்டும் 45 டிகிரி திருப்பினேன், கட்டம் டைமண்டா நின்னுச்சு. கைக்கு நேர் நூல் தோள்ல இருந்து மணிக்கட்டுக்கு ஓடும், உடம்போட கோட்டுக்கு இல்ல, கை எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம்தான். முழங்கை மடங்கின இடத்துல மேல் கை ஒரு லேயர், கீழ் கை ஒரு லேயர்னு பிரிச்சு மடிப்புக் கோட்டுல சேத்தேன். ஒரே லேயர இழுத்து வளைச்சா உள் பக்கம் கட்டம் நசுங்கி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிரும். நிஜத் துணி அங்க நசுங்குறதில்ல, மடிப்புக்குள்ள போயி மறையுது.

ஒவ்வொரு லேயரையும் Smart Object ஆக்கிட்டு Edit > Transform > Warp. கை ஒரு குழாய், அதுல கட்டம் நடுவுல முழு அகலத்துல தெரியும், ஓரத்துக்குப் போகப் போக ஒடுங்கும். எவ்வளவு ஒடுங்கணும்னு கேட்டா, நடுக்கோட்டுல இருந்து ஓரம் வரைக்கும் 3 கட்டம் வருதுன்னா அந்தப் பாதி அகலத்த 100ன்னு வச்சுக்கங்க, முதல் கட்டம் 50, ரெண்டாவது 37, மூணாவது 13. கைக்கு இது அப்படியே பொருந்தும். உடம்பு முழு உருண்டை கிடையாது, முன்னாடி தட்டையாதான் இருக்கும், அதனால அங்க கடைசி ஒண்ணு ரெண்டு கட்டத்த மட்டும் ஒடுக்கினா போதும். குறுக்குக் கோடும் நேரா நிக்காது. பாக்குறவங்க கண் மட்டம் மார்புகிட்டன்னா, அதுக்குக் கீழ உள்ள கோடெல்லாம் நடுவுல கீழ தொங்கின மாதிரி வளையும், இடுப்பு தாண்டி கீழ போகப் போக வளைவு கூடும், மார்புகிட்ட கிட்டத்தட்ட நேரா இருக்கும். எல்லாத்துக்கும் ஒரே வளைவு போட்டா உடம்பு ஒரு பைப்பு மாதிரி ஆயிரும்.

சுருக்குதான் ரொம்ப நேரம் வாங்குச்சு, அங்கதான் நிறைய பேர் படம் சொதப்புது. யோக் ஓரம் 45 செ.மீ., அதுல 90 செ.மீ. துணிய சுருக்கி வைக்கிறாங்க, அதாவது பாதித் துணி மடிப்புக்குள்ள இருக்கு. அப்ப தையல்கிட்ட கட்டம் சின்னதாகுமா? ஆகாது, நெய்த கட்டம் எப்படி சின்னதாகும். நமக்குத் தெரியுற கட்டத்தோட எண்ணிக்கைதான் பாதியாகுது. பேட்டர்ன Warp வச்சு மேல குறுக்கி கீழ விரிச்சா, மேல குட்டிக் கட்டம் கீழ பெரிய கட்டம்னு வரும், அது சுருக்கு இல்ல, வேற துணி.

அதனால நான் ஒவ்வொரு மடிப்பு மேட்டுக்கும் தனி பீஸ் போட்டேன். மேடு எந்தத் திசையில போகுதோ அந்தத் திசைக்கு பேட்டர்ன திருப்பி, மேட்டோட உச்சியில முழு அளவு, ரெண்டு பக்கமும் ஒடுக்கம், குட்டிக் குழாய் மாதிரிதான். பக்கத்து மேட்டுக்குப் போறப்ப விட்ட கட்டத்துல இருந்து தொடராம ஒண்ணு ஒன்றரை கட்டம் தள்ளி ஆரம்பிச்சேன், ஏன்னா நடுவுல அவ்வளவு துணி பள்ளத்துக்குள்ள மறைஞ்சிருக்கு. கோடு அந்த மடிப்பு ஓரத்துல பட்டுனு வெட்டுப்படும், அப்படி வெட்டுப்பட்டாதான் மடிப்பு ஆழமா தெரியும். கீழ போகப் போக மடிப்பு விரியுது, மறைஞ்ச கட்டம் வெளிய வருது, அதனால ஓரத்துல தொடர்ச்சி திரும்பக் கிடைக்கணும். சரியா வந்துச்சான்னு பாக்க கீழ் ஓரத்தப் பாருங்க. நேர் துணிய சுருக்கினதுதான், அதனால கடைசிக் குறுக்குக் கோடு மடிச்சுத் தைச்ச ஓரத்தோட எல்லா அலையிலயும் ஒரே இடைவெளியில கூடவே ஏறி இறங்கணும். கோடு நேரா போயி ஓரம் மட்டும் அலைஞ்சா ஒட்ட வச்ச மாதிரி இருக்கும். கலி வச்ச குர்த்தின்னா கதை வேற, அங்க ஒவ்வொரு கலிக்கும் நடுவுல நேர் நூல், ஜாயிண்ட்ல கோடு ரெண்டும் வி மாதிரி சேரும்.

சின்னச் சின்ன சுருக்கம், இடுப்புகிட்ட இழுபடுற மெல்லிய மடிப்பு, இதுக்கெல்லாம் Displace போதும். நிழல் லேயர மட்டும் கருப்பு வெள்ளையாக்கி, Gaussian Blur 4 பிக்சல் குடுத்து, அதே கேன்வாஸ் அளவுல தனி PSDயா சேவ் பண்ணி, Filter > Distort > Displace. நடு சாம்பல் இருக்கிற இடம் நகராது, கருப்பு ஒரு பக்கம் தள்ளும், வெள்ளை எதிர்ப் பக்கம் தள்ளும். 100 போட்டா அதிகபட்சம் 128 பிக்சல் நகரும், அப்ப 10 போட்டாலே 13 பிக்சல், 45 பிக்சல் கட்டத்துல அது கால்வாசிக்கும் மேல, துணி ஜெல்லி மாதிரி ஆடும். நான் 6க்கு மேல போகல. பிளர் பண்ணாம விட்டா கோட்டோட ஓரமெல்லாம் பல்லு பல்லா உடையும், பாத்தவுடனே தெரியும். ஆழமான மடிப்புக்கு Displace உதவாது, அது துணிய நகர்த்தத்தான் செய்யும், மறைக்காது. எல்லாம் முடிஞ்சப்புறம் நிழல் லேயர மேல வச்சு Multiply.

பூவுக்கு அளவுக் கணக்கு அதேதான், 5 செ.மீ. பூன்னா 75 பிக்சல், முகத்துப் பக்கத்துல வச்சு பாத்தா தலை உயரத்துல கால்வாசிக்கும் கொஞ்சம் கம்மி. பேட்டர்ன் ஜாயிண்ட் தெரியாம இருக்க Filter > Other > Offset போட்டு பாதி நகர்த்தி, நடுவுல வர்ற வெட்டு மேல ஒரு பூவ வரைஞ்சு மூடுனேன். கட்டம் மாதிரி பூவுல கோடு இல்லாததால வளைவு அவ்வளவா தெரியாது, Warp லேசா போதும், Displace 3 வச்சாலே இதழ் நெளியுது. பூ வளையிறத விட வெட்டுப்படுறதுதான் மடிப்ப காட்டும், பாதிப் பூ மேட்டுல, மீதிப் பாதி உள்ள போயிருச்சு, அடுத்த மேட்டுல வேற பூ. ஒரு பக்கமா பாக்குற பூன்னா எல்லா பீஸ்லயும் தலை மேல இருக்கணும். மார்போட ரெண்டு பக்கமும் சரியா ஒவ்வொரு பெரிய பூ உக்காராத மாதிரி பேட்டர்ன கொஞ்சம் நகர்த்தணும், கட்டிங்ல டைலரும் அதைத்தான் பாப்பாரு.

நேர்க் கோடு துணியில ஒரு கோடு 1 மி.மீ., கணக்குப்படி ஒன்றரை பிக்சல். அதை அப்படியே போட்டா ஜூம் மாத்துறப்பலாம் இல்லாத அலை அலையான பட்டை தெரியுது, மொபைல்ல அனுப்பினா இன்னும் மோசம். 2 பிக்சலுக்குக் கீழ போற எதையும் நான் கோடா வைக்கல. தூரத்துல இருந்து பாத்தா அந்தத் துணி என்ன கலரா தெரியுமோ அந்தக் கலர தட்டையா நிரப்பிட்டு, மேட்டு உச்சியில மட்டும் சில கோட்ட கையால இழுத்து விட்டேன், துணியோட நிஜ ஸ்கேன மூலையில சின்னதா 1:1ல வச்சு குடுத்தேன்.