85 வீதம் முடிந்ததாகச் சொன்ன திட்டம்

யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கான இருப்புக் கணக்கு மென்பொருள் முடிகிற பாடாக இல்லை. வாராந்த அறிக்கைகளோ 85 வீதம் முடிந்தது என்றே சொல்லிக்கொண்டிருந்தன. நிலைமையைக் கணக்காய்வு செய்து மீட்புத் திட்டம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள்.

முதலில் அந்த 85-ஐ ஓரமாக வைத்தேன். வேலை ஏறக்குறைய சம அளவான 20 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சங்கத்தார் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்திட்ட பகுதியை மட்டும் முடிந்ததாக எடுத்தேன். மற்றதெல்லாம் பூச்சியம். கடுமையான முறைதான், ஆனால் சிக்கலில் இருக்கும் திட்டத்தில் பாதி முடிந்த வேலைக்குப் புள்ளி போட்டால் உண்மை தெரியாது. அன்றைக்கு 16 பகுதிகள் முடிந்திருக்க வேண்டும், கையெழுத்தானது 7. ஒதுக்கிய 80 இலட்சத்தில் 60 செலவாகிவிட்டது. 7 பகுதிகளின் பெறுமதி 28 இலட்சம். அதாவது செலவழித்த ரூபாய் ஒவ்வொன்றுக்கும் 47 சதத்து வேலைதான் கிடைத்திருக்கிறது. இதே போக்கில் போனால் முழுவதையும் முடிக்க மொத்தம் 171 இலட்சம் வரும்.

அப்புறம், ஏன் என்ற கேள்வி. பிழைப் பதிவேட்டில், மூடிய பிறகு மறுபடி திறந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலானவை இருப்புப் பகுதியிலேயே குவிந்திருந்தன. அதை எழுதிய பொடியனைத் தனியே கேட்டேன். "அண்ணை, பனங்கட்டியைக் கிலோவில வாங்கீனம், ஓலைக் குட்டானில விக்கீனம். ஒரு குட்டான் எத்தனை கிராம் எண்டு கிளைக்குக் கிளை வேற கதை சொல்லீனம். ஒவ்வொருக்காலும் மாத்தி எழுதுறன்." சங்கத்தில் கேட்டால், அதைத் தீர்மானிக்க வேண்டியவர் எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கப்படவேயில்லை. பொடியனின் நிரலில் குறை இல்லை. முடிவெடுக்க ஆள் இல்லாததுதான் குறை. ஆட்களைத் தனித்தனியே சந்திப்பது இதற்காகத்தான். முகாமையாளர் பக்கத்தில் இருந்திருந்தால் அவன் வாயே திறந்திருக்க மாட்டான்.

மீட்புத் திட்டத்தில் கூடுதல் ஆட்களைக் கேட்கவில்லை. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர்களின் நேரம்தான் போகும். புதிய கோரிக்கைகளை நிறுத்தச் சொன்னேன். அளவு, அலகு பற்றிய கேள்விகளுக்கு இரண்டு வேலைநாட்களுக்குள் பதில் சொல்லச் சங்கத்தில் ஒருவரை எழுத்தில் நியமிக்கக் கேட்டேன். கொள்வனவு, இருப்பு, விற்பனை ஆகியவற்றுக்கு வேண்டிய 5 பகுதிகளை மட்டும் முதலில் முடித்து ஒரே கிளையில் ஓடவிடுவது. அறிக்கைகளும் கைப்பேசிச் செயலியும் பிறகு.

நிறுத்திவிடுவதற்கான வழியையும் செலவோடு சேர்த்தே எழுதினேன். ஆறு வாரத்தில் அந்த 5-இல் 3-க்காவது கையெழுத்து வராவிட்டால், இரு தரப்பும் உட்கார்ந்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது நிபந்தனை. மென்பொருள் நிறுவனத்தார் அதிகம் தயங்கியது இந்தப் பந்திக்குத்தான். சங்கத் தலைவர் முதலில் கையெழுத்திட்டதும் இதைப் படித்துவிட்டுத்தான்.