ஆச்சி தண்ணீர் சுட்ட கதை

கூடங்குளத்தில் பகல் முழுக்க வால்வு, பம்பு ஆவணங்களோடு மல்லுக்கட்டுகிற ரஷ்ய மொழிபெயர்ப்பாளன் நான். போன வருஷம் கூட வேலை பார்க்கிற நண்பர் ஒரு கோரிக்கையோடு வந்தார். அவர் மனைவி ரஷ்யாக்காரர், மகளுக்கு ஐந்து வயது. காக்கா வடை தூக்கின கதையை ஆச்சி தினம் போனில் சொல்வாராம். அதே கதையை அம்மாவும் ராத்திரி படித்துக் காட்ட வேண்டும் என்று பிள்ளைக்கு ஒரே பிடிவாதம். அம்மாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. "ஒரு பக்கம்தானே சார்" என்றார். ஒரு பக்கம்தான், மூன்று வாரம் ஆனது.

முதல் வரைவை அம்மா இரண்டு வரி படித்துவிட்டுச் சிரித்தார். "இது கிரிலோவ்!" 1808-இல் அச்சில் வந்த, ரஷ்யக் கவிஞர் கிரிலோவின் காக்கை–நரிக் கவிதை ரஷ்யாவில் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது. அதில் வடைக்குப் பதில் பாலாடைக்கட்டி. அது எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. கிரிலோவின் காக்கைக்கு அந்தத் துண்டைக் கடவுள் எங்கிருந்தோ அனுப்பி வைக்கிறார். காக்கை மேல் குற்றமே இல்லை, ஆகவே நீதி முகஸ்துதியைப் பற்றியது. நம் காக்காவோ ஆச்சி அசந்த நேரம் பார்த்துத் திருடுகிறது. தூக்கிட்டு வந்தது தங்காது என்பதுதான் நம் வீட்டு ஆச்சிகள் கடைசியில் சொல்வது. ரஷ்யக் காதில் இந்தக் கதை விழுந்த உடனேயே கிரிலோவின் நீதி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எனவே எல்லாம் அந்தத் திருட்டு வினைச்சொல்லில் இருந்தது. நான் முதலில் போட்டது 'உனிஸ்லா', கொண்டுபோனது என்று பொருள். அதில் குற்றமே தெரியவில்லை. 'உக்ராலா' என்றால் போலீஸ் வந்துவிடும். கடைசியில் 'ஸ்தஷீலா'. மேஜையிலிருந்து மிட்டாயை யாருக்கும் தெரியாமல் லவட்டுகிற பிள்ளைக்கு ரஷ்ய அம்மாக்கள் சொல்கிற சொல் அது. கேட்கிற குழந்தைக்குத் தன் கையே ஞாபகம் வரும்.

அடுத்தது பால் சிக்கல். தமிழில் காக்காவும் நரியும் 'அது', ஆச்சி 'அவ'. ரஷ்ய மொழியிலோ பாட்டி, காக்கை, நரி மூன்றும் பெண்பால். "அவள் அவளைப் பார்த்து அவளிடம் சொன்னாள்" என்று வாக்கியம் வந்து நிற்கிறது. நரியை 'ஷகால்' ஆக்கினால் ஆண்பால், விலங்கியலுக்கும் நெருக்கம். ஆனால் ரஷ்ய மொழியில் அது வசவு. படுக்கையில் வேண்டாம் என்றார் அம்மா. ஆண் நரிக்கு 'லிஸ்' என்றொரு சொல் உண்டு. அதையே வைத்தேன்.

அந்தப் பால் தொல்லைதான் பிறகு தாளத்தைக் கொடுத்தது. ஆச்சி சொல்லும்போது ஒவ்வொரு வரியும் "வந்துச்சாம், உட்கார்ந்துச்சாம், தூக்கிட்டுப் போச்சாம்" என்று ஒரே இடத்தில் போய் விழும். ரஷ்ய மொழியில் அந்த 'ஆம்' இல்லை. 'சொல்கிறார்கள்' என்று எழுதினால் செய்தித்தாள் ஆகிவிடும். ஆனால் இறந்தகால வினை பெண்பாலுக்கு 'லா' என்று முடியும். சொல்வரிசையும் இளகியது என்பதால் வினையைக் கடைசிக்குத் தள்ளினேன். பாட்டி ஜாரிலா, காக்கை ஸேலா, ஒன்றை ஸ்தஷீலா. சுட்டாள், உட்கார்ந்தாள், லவட்டினாள். வாய்விட்டுப் படித்துப் பார்த்தபோது ஆச்சி குரல் கேட்டது. பிறகு லிஸ் வருகிறான், வினை சட்டென்று மெய்யில் நிற்கிறது: ப்ரிஷோல், பஸ்மத்ரேல். வந்தான், பார்த்தான். ஆசாமி புதுசு என்று காதுக்கே தெரியும். இதை நான் திட்டமிடவில்லை.

வடையை மாற்றக்கூடாது என்பது சின்னவளின் நிபந்தனை. பணியாரத்துக்கு ரஷ்யச் சொல் தேடலாம், வடை வடைதான். 'வாதா' என்று எழுதினேன், அழுத்தம் முதல் அசையில். தட்டச்சில் அழுத்தக்குறியை விட்டுவிட்டேன். அன்று ராத்திரி அம்மா அழுத்தத்தை இரண்டாம் அசையில் வைத்து 'வதா' என்று படித்திருக்கிறார். அது தண்ணீருக்கான ரஷ்யச் சொல்லின் உச்சரிப்பேதான். எழுத்தில் 'ஓ' இருந்தாலும் அழுத்தம் இல்லாத இடத்தில் அது 'அ' ஆகிவிடும். எண்ணெய்ச் சட்டியில் ஆச்சி தண்ணீர் சுட்டதாகக் கேட்டுப் பிள்ளை சிரித்து உருண்டு, தூக்கம் போய்விட்டதாம். ரஷ்யக் குழந்தைப் புத்தகங்களில் அழுத்தக்குறி போடும் பழக்கம் ஏன் என்று எனக்குப் பாடமே நடந்தது. மறுநாள் எல்லாச் சொல்லுக்கும் குறி போட்டுக் கொடுத்தேன்.

கடைசி வரிக்கு அம்மா ஒரு பழமொழி தந்தார்: அடுத்தவர் பொருள் நமக்கு உதவாது என்கிற மாதிரி ஒன்று. பழைய சொல் ஒன்று அதில் இருந்தது, ஐந்து வயதுக்குப் புரியாது. ஆனால் தாளம் நன்றாக இருந்தது, வைத்துக்கொண்டோம். சின்னவள் அர்த்தம் கேட்டாளாம். அம்மா சொன்னதும், "அப்ப நரிக்கு மட்டும் எப்படித் தங்குச்சு?" என்று தமிழிலேயே கேட்டிருக்கிறாள்.

நரிக்கும் ஒரு வரி சேர்க்கலாமா என்று நண்பர் போன் செய்தார். ஆச்சி கதையில் அது இல்லை, சேர்க்க மாட்டேன் என்றேன்.