லைட் குக்கிங் மட்டும்: ஈசூனில் வீட்டுக்காரருடன் ஒரே வீட்டில் இரண்டு வருடம்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த புதிதில் அறை தேடி பன்னிரண்டு வீட்டுக்காரர்களுக்கு போன் போட்டேன். எட்டுப் பேர் முதலில் கேட்டது சம்பளமோ வேலையோ இல்லை, "சமைப்பீங்களா?" என்றுதான். இரண்டு பேர் என் பெயரைக் கேட்டதுமே அறை போய்விட்டது என்றார்கள். விளம்பரம் மட்டும் அடுத்த வாரமும் அப்படியே கிடந்தது. முதலில் கோபம் வந்தது. இப்போதும் அதை நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் பயத்தில் பாதி எதைப் பற்றியது என்பது எனக்கே ஒரு மழை நாளில்தான் புரிந்தது.

கடைசியில் அமைந்தது ஈசூனில் ஒரு நான்கறை வீவக வீடு, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடு. வீட்டுக்காரர்கள் ஒரு சீனத் தம்பதி, இருவருமே அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் கல்யாணமாகித் தனியே போய்விட்டதால் ஒரு படுக்கையறை சும்மா கிடந்தது. மாதம் 900 வெள்ளி, தண்ணீர், மின்சாரம் உட்பட. ஏசி இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை. துணி துவைக்க புதன், ஞாயிறு. ஒரு மாத வாடகை முன்பணம். ஆன்ட்டி இதையெல்லாம் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். கடைசி விரலை மடக்கும்போது "லைட் குக்கிங் மட்டும்" என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். லைட் குக்கிங் என்றால் என்ன என்று கேட்கவே இல்லை.

ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. வீவக வீட்டில் அறை வாடகை குறைந்தது ஆறு மாதத்துக்கு இருக்க வேண்டும், வீட்டுக்காரர் கழகத்திடம் அனுமதி வாங்கி என் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அறையை மட்டும் விடுபவர் தாமும் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். முத்திரை வரியை வழக்கமாகக் குடியிருப்பவர்தான் கட்டுவது. மொத்த வாடகையில் 0.4 சதவீதம். எனக்கு 10,800 வெள்ளிக்கு 43 வெள்ளி வந்தது. கையெழுத்துப் போட்ட பதினான்கு நாளுக்குள் கட்டிவிட வேண்டும். சிலர் இந்த 43 வெள்ளியை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். முன்பணத்தில் தகராறு வந்தால் முத்திரை இல்லாத ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு எங்கும் போக முடியாது.

சமையலுக்கு வருகிறேன். என் அகராதியில் லைட் குக்கிங் என்றால் ஒரு ரசம், ஒரு பொரியல், சோறு. பிரியாணி இல்லை, மீன் வறுவல் இல்லை, அவ்வளவுதான். ஆன்ட்டியின் அகராதியில் அது வேக வைப்பது, ஆவியில் அவிப்பது, நூடுல்ஸ். எண்ணெய் காய்ந்து புகை வந்தாலே அது ஹெவி. ரசம் கொதிப்பதில் அவருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. கடைசியில் அரை நிமிடம் தாளிப்பதில்தான் எல்லாப் பிரச்சினையும்.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் சொல்லவில்லை. நான் சமைக்கும்போது தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். டிவி பார்க்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். டிசம்பரில் ஒரு வாரம் விடாத மழை. இந்த வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் சர்வீஸ் யார்டு என்று ஓர் இடம் இருக்கும். வாஷிங் மெஷின் அங்கேதான், மழைக்காலத்தில் துணி காய்வதும் அங்கேதான். அடுப்புக்கும் கொடிக்கும் நாலு எட்டு தூரம், நடுவில் கதவு கிடையாது. அன்று மாலை கடுகு, மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டு ரசம் தாளித்தேன். மறுநாள் அங்கிள் ஒரு கல்யாண விருந்துக்குக் கிளம்பும்போது ஆன்ட்டி அவருடைய வெள்ளைச் சட்டையைக் கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பார்."

மோந்து பார்த்தேன். எனக்குச் சோப்பு வாசம்தான் வந்தது. இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன், அப்போதும் அதேதான். ஆன்ட்டி என்னைப் பார்த்த பார்வையில் நான் பொய் சொல்கிறேன் என்ற சந்தேகம் தெரிந்தது. நான் பொய் சொல்லவில்லை. பெருங்காயத்துக்குப் பழகிய மூக்கு அது. அதனால்தான் "வாசம் அடிக்கிறதா?" என்பதை நம் மூக்கை வைத்து முடிவு செய்ய முடியாது. வெளியே போய்விட்டு வரும் ஒரு சீன நண்பனையோ மலாய் நண்பனையோ வீட்டு வாசலில் நிற்க வைத்துக் கேட்டால்தான் தெரியும்.

அன்று இரவு மூவரும் உட்கார்ந்து பேசினோம். மன்னிப்புக் கேட்டேன். அங்கிள் சட்டையைத் திரும்பத் துவைத்துக் கொடுப்பதாகச் சொன்னேன். அதற்கு ஆன்ட்டி, "சட்டை பரவாயில்லை. எப்போ தாளிப்பேன்னு சொல்லிட்டா நான் துணியை எடுத்துடுவேன்ல?" என்றார். அப்போதுதான் உறைத்தது. அவர் தாளிப்பையே வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்போது நடக்கும் என்று தெரியாமல் இருப்பதுதான் அவருக்குத் தொல்லை. இரண்டு மாதமாகக் கதவைச் சாத்தியதே அவர் சொன்ன புகார். நான்தான் காதில் வாங்கவில்லை.

அப்புறம் புகைபோக்கியைக் கழற்றிப் பார்த்தேன். அடுப்புக்கு மேல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதிலிருந்து வெளியே போகும் குழாய் இல்லை. அந்த மாதிரிப் புகைபோக்கி காற்றை இழுத்து, வடிகட்டி, திரும்ப அதே அறைக்குள்தான் விடும். அதில் இரண்டு வடிகட்டி உண்டு. உலோக வலை எண்ணெயைப் பிடிக்கும். அதை வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு ஊறவைத்துத் தேய்த்தால் போதும். வாசத்தைப் பிடிப்பது கரி வடிகட்டி. அதைக் கழுவிப் பயனில்லை, சில மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஆன்ட்டி வீட்டில் வாங்கிய நாளிலிருந்து மாற்றவே இல்லை. புதிதாக ஒரு ஜோடி வாங்கிப் போட்டேன். வாசம் அடியோடு போனது என்று சொல்ல மாட்டேன், பாதி குறைந்தது. ஆனால் என் காசில் வாங்கிப் போட்டதை ஆன்ட்டி தன் அக்காவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

தாளிப்பை சனிக்கிழமை காலைக்கு மாற்றிவிட்டேன். அவர்கள் இருவரும் ஏழு மணிக்குச் சந்தைக்குப் போய் காப்பி குடித்துவிட்டு ஒன்பதரைக்குத்தான் வருவார்கள். கொடி காலியாக இருக்கும். சன்னல்களைத் திறந்துவிட்டு, சாம்பாரும் கூட்டும் வாரத்துக்கு வேண்டிய அளவு செய்து சின்னச் சின்ன டப்பாவில் உறைய வைப்பேன். பிரிட்ஜில் எனக்குக் கீழ்த்தட்டு ஒன்றும் உறைபெட்டியில் பாதியும். வார நாளில் சோறு மட்டும் குக்கரில். ஆன்ட்டி ஐந்தரைக்குச் சமைத்து முடிப்பார், நான் ஏழரைக்கு மேல்தான் உள்ளே போவேன். முடிந்ததும் அடுப்பு மட்டும் இல்லை, பின்சுவர் டைல்ஸையும் துடைப்பேன். ஆன்ட்டி விரலால் தொட்டுப் பார்ப்பது அந்த டைல்ஸைத்தான்.

ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு விதியும் இருந்தது. சமையலறையில் அடுப்புக் கடவுளுக்கு ஒரு சிவப்பு மாடம். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் ஆன்ட்டி சைவம். அந்த இரண்டு நாளும் நான் முட்டைகூட உடைக்க மாட்டேன். யாரும் கேட்கவில்லை, மாடத்துக்கு முன்னால் பழத்தட்டு வைத்திருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நாலு மாதம் கழித்துத்தான் அவர் கவனித்திருக்கிறார் என்று தெரிந்தது. ஒரு பதினைந்தாம் நாள் மாலை மாடத்திலிருந்து எடுத்த ஆரஞ்சு இரண்டு என் கதவுப் பிடியில் ஒரு பையில் தொங்கிக்கொண்டிருந்தது.

விருந்தாளி விஷயத்தில் ஒப்பந்தம் தெளிவு: இரவு தங்கக் கூடாது. பகலில் வருவதைப் பற்றி ஒன்றும் இல்லை. அதனால் ஒரு நாள் அலுவலக நண்பனை முன்னறிவிப்பு இல்லாமல் அழைத்து வந்தேன். கதவைத் திறந்தால் அங்கிள் வழக்கம்போல் பனியனோடு ஹாலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். சட்டென்று எழுந்து உள்ளே போய் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நண்பன் இருந்த இரண்டு மணி நேரமும் அந்தச் சட்டையைக் கழற்றவில்லை. மேல் பட்டன்வரை போட்டுக்கொண்டு, அந்தப் புழுக்கத்தில். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது. அதன் பிறகு யார் வந்தாலும் முதல் நாளே வாட்ஸ்அப்பில் யார், எத்தனை மணிக்கு, எப்போது கிளம்புவார் என்று போட்டுவிடுவேன். பெரும்பாலும் நண்பர்களைப் புளோக்கின் கீழ்த்தளத்திலோ காப்பிக் கடையிலோ பார்ப்பதே வழக்கமாகிவிட்டது.

கடினமாக இருந்தது அம்மா வந்தபோதுதான். திருச்சியிலிருந்து பத்து நாளுக்கு வருவதாக இருந்தார். என் அறையிலேயே தங்கவைக்கலாமா என்று மூன்று வாரம் முன்பே கேட்டேன். ஆன்ட்டி அங்கிளைப் பார்த்தார். அங்கிள், "முடியாது தம்பி" என்றார். அந்தத் தம்பியைத் தமிழிலேயே சொன்னார், ஈசூன் சந்தையில் கற்றுக்கொண்டதாம். அறை பதிவானது என் ஒருவன் பெயரில். வேறு ஆள் தங்கி யாராவது புகார் கொடுத்தால் கழகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது வீட்டுக்காரர்தான், அந்த வயதில் அவருக்கு வேறு வீடு இல்லை. அம்மாதானே, ஒரு பத்து நாள்தானே என்று மனது அடித்துக்கொண்டது. ஆனால் அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

நாள் வாடகைக்கு வீவக அறை கிடைக்கும் என்று ஒரு நண்பர் எண் கொடுத்தார். அது விதிக்குப் புறம்பானது. அங்கே ஆறு மாதத்துக்குக் குறைவாக அறை விடக் கூடாது, தனியார் வீடுகளுக்கும் மூன்று மாதம் என்ற வரம்பு உண்டு. அதனால் சிராங்கூன் ரோட்டில் ஒரு சின்ன ஹோட்டலில் ஐந்து இரவு, சித்தப்பா பையன் வீட்டில் ஐந்து இரவு என்று பிரித்தேன். தேக்கா சந்தை பக்கத்திலேயே இருந்ததால் அம்மாவுக்கு ஹோட்டல்தான் பிடித்தது.

ஒரு மதியம், முன்கூட்டியே சொல்லிவிட்டு, அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போனேன். அங்கிள் சட்டையோடு தயாராக இருந்தார். அம்மா சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்கயா ரசம் வைக்கிற?" என்று தாளிப்புக் கரண்டியைக் கையில் எடுத்தார். நான் அவசரமாக வாங்கி வைத்தேன். அன்று புதன்கிழமை, கொடி நிறையத் துணி.

ஒப்பந்தம் முடிந்தபோது ஆன்ட்டி ஐம்பது வெள்ளி ஏற்றினார். பழைய தாளையே திருத்திப் புதிதாக அச்சடித்திருந்தார். "லைட் குக்கிங்" என்ற வரியை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு, ஓரத்தில் கையால் எழுதியிருந்தார்: சனிக்கிழமை, 9.30க்கு முன்.