இன்னொரு உறை

மார்ச் 4
எலிகளுக்குத் தூக்க நோய் ஒட்டுண்ணியான ட்ரிப்பனோசோம் புருசியின் ஆன்டாட் 1.1 வகையை ஏற்றியாயிற்று. ஆய்வகத்திலேயே காலங்காலமாக வளர்ந்த லிஸ்டர் 427 வகை இதற்கு ஆகாது. அது அடர்த்தி கூடினாலும் பெருகிக்கொண்டே போகும். எதிர்ப்பொருள் வேலையைத் தொடங்குமுன் எலி செத்துவிடும், எண்ணிக்கை ஏறி இறங்கும் அலையே தெரியாது.

மார்ச் 8
வால் ரத்தத்தில் நெளிகின்றன.

மார்ச் 10
மில்லிக்கு 10 கோடி. ஒவ்வொரு ட்ரிப்பனோசோமின் மேலும் ஒரே வகை வி.எஸ்.ஜி. புரதம், சுமார் 1 கோடி மூலக்கூறுகள், இடைவெளியின்றி ஓர் உறையாக. எலி பார்ப்பது அதை மட்டும்தான். அதற்கு அடியில் இருக்கும் மாறாத புரதங்கள் எதிர்ப்பொருளுக்கு எட்டுவதில்லை.

மார்ச் 11
சரிந்துவிட்டது. ஸ்லைடு முழுக்கத் தேடியும் ஒன்றுமில்லை. சீரம் பிரித்து உறைய வைத்தாயிற்று.

ஆனால் இது குணமல்ல. எலியின் ரத்தம் 2 மில்லி என்றால் நேற்று உள்ளே 20 கோடி இருந்தன. லட்சத்தில் ஒன்று உறை மாற்றியிருந்தாலும் 2000 தப்பியிருக்கும். எதிர்ப்பொருளைக் கண்டு அவை மாறவில்லை, அது வருமுன்பே மாறிவிட்டவை. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டித்தால் 17 இரட்டிப்பில் பழைய எண்ணிக்கை: நாலு நாளும் கொஞ்சமும்.

மார்ச் 13
மறுபடி நெளிவு.

மார்ச் 15
இரண்டாவது அலை உச்சத்தை நெருங்குகிறது. 11ஆம் தேதி சீரத்தையும் எதிர்ப்பொருள் ஒட்டிய செல்லைத் துளைக்கும் ரத்தப் புரதங்களான கினிப்பன்றியின் காம்ப்ளிமென்ட்டையும் சேர்த்து 37 டிகிரியில் வைத்தோம். எலிக்கு ஏற்றியதில் மிச்சமாக உறைய வைத்திருந்த ட்ரிப்பனோசோம் கையிருப்பு வெடித்துச் சிதறியது. இன்றைய ரத்தத்தில் எடுத்தவை அப்படியே நீந்துகின்றன. மனித சீரத்தை இதில் சேர்க்கவே கூடாது. அதிலுள்ள ஏபிஓஎல்1 என்ற புரதம், எதிர்ப்பொருள் இல்லாமலே புருசியைக் கொன்றுவிடும், முடிவு பொய்யாகும்.

மார்ச் 16
சாயமேற்றிய எதிர்ப்பொருளால் உறையைப் பார்ப்பதானால் ஐஸ் மேல் வைத்துத்தான். வெதுவெதுப்பில் ட்ரிப்பனோசோம் முன்னோக்கி நீந்த, ஒட்டிய எதிர்ப்பொருளைச் சுமந்த வி.எஸ்.ஜி. பின்பக்கம் தள்ளப்பட்டு, கசையிழை முளைக்கும் பையில் சில நிமிடங்களில் விழுங்கப்படுகிறது. எதிர்ப்பொருள் குறைவாக இருக்கும் வரை இந்தக் கழுவல் போதும். ஒளிர்வு மங்கலாகத் தெரிந்தால் உறை மாறிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள்.

மார்ச் 17
1910இல் ராஸும் தாம்சனும் லிவர்பூலில் ஒரு தூக்க நோயாளியின் ரத்தத்தைத் தினம் எண்ணி வரைந்த அலையும் இதுதான்.

மார்ச் 19
தூக்கமில்லை. உறை மாற்றித் தப்பிய அந்த 2000 மனதை விட்டுப் போகவில்லை. அவை எல்லாம் ஒரே புது உறை போட்டிருக்க வேண்டியதில்லையே! 2015இல் எலி ரத்தத்தின் வி.எஸ்.ஜி. ஆர்.என்.ஏ.வை வரிசைப்படுத்தியபோது, ஒரே அலைக்குள் பல வகைகள் கூடவே ஓடுவது தெரிந்தது. எதிர்ப்பொருள் தயாரிக்கும் எலியின் பி செல்கள் பெரும்பான்மையைத் துரத்தும்போது சிறுபான்மை வளர்கிறது.

மார்ச் 22
ட்ரிப்பனோசோமின் மரபணுக் கிடங்கில் 2000க்கு மேல் வி.எஸ்.ஜி., பெரும்பாலானவை சிதைந்தவை. நல்லவை தீர்ந்ததும் தோற்றுவிடும் என்று நம்பலாம் போலிருக்கும். நாள்பட்ட தொற்றில் அது நடப்பதில்லை: சிதைந்தவற்றின் துண்டுகளை ஒட்டி, கிடங்கிலேயே இல்லாத கலவை உறை செய்துகொள்கிறது. ஆகவே உறையைக் குறிவைக்கும் தடுப்பூசிக்கு எந்தப் பட்டியலும் முழுமையல்ல.

மார்ச் 23
மூன்றாவது அலை. சீரம் எடுக்க வேண்டும்.