ஒரே கேள்விக்கு இரண்டு சரியான விடை: கொள்குறி வினாத்தாளைச் சரிபார்க்கும் முறை

வினாத்தாளைச் சரிபார்க்க உட்கார்ந்ததும் விடைக்குறிப்பை மூடி வைத்துவிடுவேன். அதைப் பார்த்துவிட்டால், அதில் உள்ள விடை சரிதானா என்று மட்டும்தான் கண் தேடும்; பக்கத்து ஆப்ஷனும் சரியாக இருப்பது தெரியாமல் போய்விடும். முதலில் மாணவரைப் போல எல்லாக் கேள்விக்கும் விடை எழுதிவிட வேண்டும்.

அடுத்து, கேள்வியை ஒவ்வொரு ஆப்ஷனுடனும் சேர்த்து முழு வாக்கியமாக்கி, அது உண்மையா பொய்யா என்று தனித்தனியே குறிக்கிறேன். புதுச்சேரிப் பள்ளிகளின் பொது அறிவுத் தாளில் வரக்கூடிய ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்:

புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்த நாள் எது?
அ) 15 ஆகஸ்ட் 1947
ஆ) 26 ஜனவரி 1950
இ) 1 நவம்பர் 1954
ஈ) 16 ஆகஸ்ட் 1962

விடைக்குறிப்பில் ‘இ’ என்று இருக்கும். ஆனால் 1954 நவம்பர் 1 அன்று கைமாறியது நிர்வாகம்தான். சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடந்தது. ‘இணைந்த’ என்ற சொல் இரண்டுக்குமே பொருந்துகிறது. இரண்டு நாளையும் விழாவாகக் கொண்டாடும் ஊரில் ‘ஈ’ எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் மறுப்பது அநியாயம்.

இதே கேள்வியில் இன்னொரு ஓட்டையும் உண்டு. அ, ஆ இரண்டும் சுதந்திர தினம், குடியரசு தினம் என்று எல்லோருக்கும் தெரியும். பாடமே படிக்காதவரும் அவற்றை அடித்துவிடுவார். மிஞ்சுவது இரண்டே, குருட்டு ஊகத்துக்கே பாதி வாய்ப்பு.

ஆப்ஷனை மட்டும் மாற்றினால் போதாது, கேள்வியை முதலில் இறுக்க வேண்டும். ‘பிரெஞ்சு அரசு புதுச்சேரியின் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்த நாள் எது?’ என்று கேட்டால் 1954 நவம்பர் 1 மட்டுமே நிற்கும். தவறான விடைகளை அதே வரலாற்றிலிருந்து எடுக்கலாம்: கீழூர் வாக்கெடுப்பு நடந்த 18 அக்டோபர் 1954, ஒப்படைப்பு உடன்படிக்கை கையெழுத்தான 28 மே 1956, சட்டப்படி இணைந்த 16 ஆகஸ்ட் 1962. அரைகுறையாகப் படித்தவர் உண்மையிலேயே குழம்பும் நாள்கள் இவை. ஆனாலும் இந்தக் கேள்விக்கு மூன்றும் ஐயமறத் தவறு. ஒரு தவறான விடை ஏன் தவறு என்று ஒரே வரியில் எழுத முடியாவிட்டால், அதை வைக்கவே கூடாது.

தேர்வு முடிந்துவிட்டால் விடைத்தாள்களே சொல்லும். ஒவ்வொரு ஆப்ஷனையும் எத்தனை பேர் எழுதினார்கள் என்று எண்ணுங்கள். நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தொடாத தவறான விடை வெறும் இடநிரப்பி. நாற்பது பேர் வகுப்பில் அது ஒருவர், அல்லது ஒருவருமில்லை. பிறகு மொத்த மதிப்பெண்ணில் முன்னால் நிற்பவர்களின் தாள்களை மட்டும் தனியே பாருங்கள். அவர்கள் ஒரு கேள்வியில் இரண்டு ஆப்ஷன்களுக்கிடையே ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்திருந்தால், பெரும்பாலும் இரண்டு விடையும் சரியாக இருக்கும், அல்லது கேள்வி தெளிவில்லாமல் இருக்கும். கடினமான கேள்வியிலும் இப்படி நேரலாம் என்பதால், பாடநூலைத் திறந்து உறுதி செய்த பிறகே முடிவெடுக்க வேண்டும். இரண்டும் சரி என்றால் விடைக்குறிப்பில் ‘இ அல்லது ஈ’ என்று திருத்தி, ஏற்கெனவே திருத்திய தாள்களிலும் அந்தக் கேள்விக்கு மட்டும் மதிப்பெண்ணை மறுபடி கூட்டுங்கள்.